பத்து வருடப் பழைய பே ஸ்லிப்பை வைத்து இன்றைய சம்பளத்தைப் போடாதீர்கள்: எச்.ஆர். நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை மென்பொருள் நிறுவனங்களில் ஆளெடுத்து, சம்பளம் நிர்ணயிக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டர். 2009-ல் வேலைக்குச் சேர்ந்து, ஆறு வருடம் வேலை பார்த்து, 2015 ஜூனில் விட்டேன். இரண்டாவது குழந்தை, அதற்கு அடுத்த வருடமே அப்பாவுக்குப் பக்கவாதம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. திரும்ப வேலைக்கு வந்தது 2025 ஜனவரியில். நடுவில் ஒன்பதரை வருடம். இப்போது எங்கள் டீமுக்கு ஆளெடுக்கும்போது என்னையும் இன்டர்வியூ பேனலில் உட்கார வைக்கிறார்கள். அதனால் மேசையின் இரண்டு பக்கமும் நான் பார்த்துவிட்டேன். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிறவருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

வேலை தேட ஆரம்பித்ததும் நான் போன முதல் நிறுவனம் சோழிங்கநல்லூர் பக்கம். விண்ணப்பத்தில் 'தற்போதைய சி.டி.சி.' என்று ஒரு கட்டம், கட்டாயம் நிரப்ப வேண்டியது. எனக்குத் தற்போதைய சம்பளம் என்று ஒன்றும் இல்லை. பூஜ்யம் போட்டேன், ஏற்கவில்லை. உதவிக்கு இருந்த எண்ணை அழைத்தால், "கடைசியாக வாங்கியதைப் போடுங்கள் மேடம்" என்றார்கள். 2015-ல் என் சி.டி.சி. 6 லட்சத்து 20 ஆயிரம். அதைப் போட்டேன். இரண்டு சுற்று இன்டர்வியூ நன்றாகவே போனது. அப்புறம் கடைசி மூன்று மாத பே ஸ்லிப் வேண்டும் என்றார்கள்.

பழைய கம்பெனியின் மெயில் ஐ.டி. எனக்கு எப்போதோ மூடப்பட்டுவிட்டது. பி.எஃப். பாஸ்புக்கில் பார்க்கலாம் என்று போனால், அதில் என் பங்கு மாதம் 1,800 ரூபாய் என்று மட்டும் இருந்தது. 15,000 ரூபாய் உச்சவரம்பின் மேல் 12 சதவீதம் கட்டியிருக்கிறார்கள், அதிலிருந்து உண்மையான சம்பளத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் வருமான வரித் தளத்தில் பழைய 26ஏ.எஸ். படிவத்தை எடுத்து, அந்த வருடம் கம்பெனி எனக்குக் கொடுத்த தொகையைக் காட்டி நிரூபித்தேன். இதற்கு மூன்று நாள் ஆனது. பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு எண்ணைத் தேடித்தர மூன்று நாள் அலைந்தது கூட எனக்குப் பெரிதில்லை. அந்த எண்ணை வைத்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் பெரிது.

எச்.ஆரிலிருந்து அழைத்தவர் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். "எங்கள் பாலிசிப்படி அதிகபட்சம் 30 சதவீத ஹைக்தான் கொடுக்க முடியும் மேடம். உங்களுக்கு அந்த முழு முப்பதையும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்" என்றார். 6 லட்சத்து 20 ஆயிரத்தில் 30 சதவீதம் கூட்டினால் 8 லட்சத்து 6 ஆயிரம். அவர் குரலில் எனக்கு நல்லது செய்த சந்தோஷம் இருந்தது, அதை நான் சந்தேகப்படவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மத்திய அரசு வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீடு 2015-16-ல் சராசரியாக 125 அளவில் இருந்தது, 2024-25-ல் 193 அளவில். அதாவது அன்று 100 ரூபாய்க்கு வாங்கியதை வாங்க இன்று சுமார் 154 ரூபாய் வேண்டும். என் 6 லட்சத்து 20 ஆயிரத்தை இதில் பெருக்கினால் ஏறக்குறைய 9 லட்சத்து 57 ஆயிரம் வருகிறது. நான் விட்டுப்போன அன்று என் சம்பளம் எதையெல்லாம் வாங்கியதோ, அதையே இன்று வாங்க அவ்வளவு வேண்டும். நீங்கள் உயர்வு என்று சொல்லிக் கொடுத்தது அதைவிட 16 சதவீதம் குறைவு. உண்மையில் அது சம்பளக் குறைப்பு. ஒரு நாளும் இடைவெளி எடுக்காமல் போன மாதம் வரை வேலை பார்த்தவருக்கு அந்த 30 சதவீதம் உண்மையிலேயே உயர்வு, ஏனென்றால் அவர் கையில் இருப்பது இந்த வருடத்துச் சம்பளம். அதே சூத்திரத்தை 2015-ம் வருடத்து எண்ணின் மேல் போடும்போது கணக்கே தப்பாகிவிடுகிறது. பாலிசியை எழுதியவர் இப்படி ஒருவர் வருவார் என்று நினைத்திருக்க மாட்டார்.

இவ்வளவு சொன்னாலும் விலைவாசிக் கணக்கையும் நான் நியாயமான சம்பளத்துக்கு அளவுகோலாக வைக்கவில்லை. அந்த ஆஃபர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று காட்ட மட்டும்தான் அது உதவும். என் வேலைக்கு இன்று சந்தையில் என்ன மதிப்பு என்பதை அது சொல்லாது. மேனுவல் டெஸ்டிங் மட்டும் தெரிந்தவரின் சம்பளம் இந்தப் பத்து வருடத்தில் விலைவாசி அளவுக்கு ஏறவில்லை, ஆட்டோமேஷன் தெரிந்தவருடையது அதைத் தாண்டிப் போயிருக்கிறது. அதனால் "2015-ல் வாங்கினேன், விலைவாசியைக் கூட்டிக் கொடுங்கள்" என்று நான் கேட்டாலும் அதுவும் பழைய பே ஸ்லிப்பைப் பிடித்துத் தொங்குவதுதான்.

இன்னொரு தப்பான அளவுகோலும் உண்டு, அதை நானே பிடித்துக்கொண்டிருந்தேன். என்னோடு 2009-ல் சேர்ந்தவர்கள் இன்று டெஸ்ட் மேனேஜர்கள், அவர்களில் ஒருத்தி 24 லட்சம் வாங்குகிறாள். ஆரம்பத்தில் ராத்திரியெல்லாம் அந்த எண்தான் மனதில் ஓடியது. அது எனக்கு உரியதில்லை. அவள் அந்தப் பத்து வருடமும் ரிலீஸ்களைச் சுமந்திருக்கிறாள், ஆட்களை வளர்த்திருக்கிறாள். நான் வேறு ஒன்றைச் சுமந்தேன். அதன் மதிப்பு எனக்குத் தெரியும், ஆனால் அதை உங்கள் கம்பெனி விலை கொடுத்து வாங்கவில்லை. 16 வருட அனுபவம் என்று ரெஸ்யூமில் எழுதிக்கொண்டு வருகிறவர்களை இப்போது பேனலில் பார்க்கிறேன். வேலை பார்த்தது ஆறு வருடமென்றால் ஆறு வருடம் என்றே எழுதுங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்வேன்.

சரி, அப்படியானால் எதை வைத்துப் போடுவது? அந்த இருக்கையை வைத்து. அந்த இருக்கையில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்பவருக்கு இன்று உங்கள் கம்பெனியில் என்ன கொடுக்கிறீர்களோ, அதுதான் தொடக்கம். வருகிறவரால் இன்றைக்குச் செய்ய முடியாத பகுதி எவ்வளவு என்று பார்த்து, அதற்கு மட்டும், அது சரியாகும் வரைக்கும் மட்டும் கழியுங்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. என் இரண்டாவது இன்டர்வியூவில், தரமணியில், ஒரு மேனேஜர் எனக்குச் செய்து காட்டியது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்களுக்கு அப்படியே பயன்படும்.

அவர் என் இடைவெளியைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எத்தனை வருடம் என்று. அப்புறம் ஒரு பேங்க் ஆப்பின் பணம் அனுப்பும் திரையை அச்செடுத்துக் கொடுத்தார். ஒரு நாளைக்கு 2 லட்சம் வரை அனுப்பலாம் என்பது விதி, இதை எப்படிச் சோதிப்பீர்கள், நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் எழுத ஆரம்பித்தேன். 2,00,000 போக வேண்டும், 2,00,001 போகக்கூடாது, பூஜ்யமும் மைனஸும் போகக்கூடாது. இது யாரும் எழுதுவது. அப்புறம் ஒன்றரை லட்சத்தை போனிலும் லேப்டாப்பிலும் ஒரே நொடியில் அனுப்பினால் என்ன ஆகும்? இரவு 11:59-க்கு அனுப்பியது 12:01-க்கு வெற்றி என்று வந்தால் அது எந்த நாளின் கணக்கு? அனுப்பிய பணம் தோல்வியாகித் திரும்பி வந்தால் அன்றைய வரம்பும் திரும்பி வருகிறதா? எழுத எழுத கை பழைய வேகத்துக்கு வந்தது. ஒன்பதரை வருடத்தில் இது எங்கேயும் போகவில்லை என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

அடுத்து லேப்டாப்பைத் திறந்தார். நான் விட்டுப்போகும்போது க்யூ.டி.பி. என்ற ஆட்டோமேஷன் கருவியில் வி.பி.ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது அவர்கள் டீமில் பிளேரைட், 2020-ல்தான் வெளிவந்த கருவி. திரும்பி வர முடிவு செய்ததும் மூன்று மாதம் உட்கார்ந்து அதைப் படித்திருந்தேன். ஒரு லாகின் டெஸ்ட் எழுத முடிந்தது. அதை கிட்டில் போட்டு, பைப்லைனில் ஓட வைத்து, நடுவில் காரணமில்லாமல் விழும் டெஸ்டைப் பிரித்துப் பார்க்கச் சொன்னபோது திணறினேன். அதை மறைக்கவில்லை.

அதன் பிறகு எச்.ஆரையும் வைத்துக்கொண்டு அவர் பேசியதுதான் முக்கியம். "இந்த இருக்கைக்கு எங்கள் சம்பள பேண்ட் பத்தரையிலிருந்து பதிமூன்றரை லட்சம். நடுவில் 12 என்று வைத்துக்கொள்வோம். இந்த வேலையில் ஆட்டோமேஷன் மூன்றில் ஒரு பங்கு. அதில் பாதியை நீங்கள் இன்றே செய்வீர்கள், பாதி வராது. அப்படியென்றால் மொத்த வேலையில் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. 12-ல் ஆறில் ஒரு பங்கு 2 லட்சம். 10 லட்சத்தில் சேருங்கள். ஆறு மாதம் கழித்து, இன்று வராத இந்த நான்கு வேலைகளையும் தனியாகச் செய்தால் 12 ஆக்குகிறோம்." அந்த நான்கையும் ஒரு தாளில் எழுதினார். அது ஆஃபர் லெட்டரோடு இணைப்பாக வந்தது, தேதியோடு. பே ஸ்லிப் யாரும் கேட்கவில்லை. பழைய சம்பளம் எவ்வளவு என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

பேண்டின் அடிமட்டமான பத்தரைக்கும் கீழேதானே சேர்ந்தீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம். எனக்கு அது உறுத்தவில்லை, ஏனென்றால் ஏன் குறைகிறது, எவ்வளவு குறைகிறது, எப்போது சரியாகும் என்ற மூன்றுக்கும் பதில் என் கையில் இருந்தது. 8 லட்சத்து 6 ஆயிரத்துக்கு அப்படி எந்தப் பதிலும் இல்லை. ஜூலையில் அந்த நான்கில் மூன்றை முடித்திருந்தேன். நான்காவது செப்டம்பரில்தான் வந்தது, சம்பளமும் அப்போதுதான் மாறியது. அதுவும் நியாயம்தான்.

உங்களில் பலர் சொல்லும் மறுப்பும் எனக்குத் தெரியும். "இப்போது குறைவாகச் சேரட்டும், திறமை இருந்தால் அப்ரைசலில் தானாக ஏறிவிடும்." ஏறாது. அப்ரைசல் சதவீதத்தில் வருகிறது, சதவீதம் தொடங்கிய இடத்தைத்தான் பெரிதாக்கும். 8 லட்சத்தில் சேர்ந்தவருக்கும் 10 லட்சத்தில் சேர்ந்தவருக்கும் வருடம் 9 சதவீதம் ஒரே மாதிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் 2 லட்சமாக இருக்கும் வித்தியாசம் ஐந்தாவது வருடம் 2 லட்சத்து 82 ஆயிரம். ஐந்து வருடத்தையும் கூட்டினால் கிட்டத்தட்ட 12 லட்சம். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அந்த அடித்தளத்திலிருந்துதான் கணக்காகின்றன என்றால் அது இன்னும் நீளும். நாற்பது வயதை ஒட்டித் திரும்பி வருகிறவருக்கு அதைப் பிடித்துக்கொள்ள இன்னொரு இருபது வருடம் இல்லை.

இன்னொரு மறுப்பு, ஏற்கனவே டீமில் இருப்பவர்கள் வருத்தப்படுவார்கள் என்பது. இது உண்மையான கவலை, நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் பழைய பே ஸ்லிப் முறைதான் அந்த வருத்தத்தை உண்டாக்குகிறது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் இன்று அந்த வேலையை முழுதாகச் செய்து 12 வாங்குகிறார், நான் ஆறில் ஐந்து பங்கு செய்து 10 வாங்குகிறேன் என்றால் அவருக்கு இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நான் முழுதாகச் செய்யும்போது 12 வாங்கினாலும் இல்லை.

சில நிறுவனங்கள் இப்போது திரும்பி வருகிறவர்களுக்கென்றே ஆறு மாத ரிட்டர்ன்ஷிப் வைக்கிறீர்கள். நல்ல விஷயம். 2008-லேயே நம் நாட்டில் டாடா குழுமம் இடைவெளி எடுத்த பெண்களுக்காக இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் பேனலுக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் கடிதங்களைப் பார்க்கும்போது ஒரு ஓட்டை தெரிகிறது. ஆறு மாதம் ஸ்டைபண்ட் எவ்வளவு என்று இருக்கிறது. அது முடிந்து நிரந்தரம் ஆனால் எவ்வளவு என்ற இடத்தில் "நிறுவனத்தின் விதிகளின்படி" என்று ஒரு வரிதான். ஆறு மாதம் முடிந்ததும் அந்த ஸ்டைபண்டே 'தற்போதைய சம்பளம்' ஆகிவிடுகிறது, அதன் மேல் 30 சதவீதம். மாதம் 40,000 ஸ்டைபண்ட் என்றால் வருடத்துக்கு 4 லட்சத்து 80 ஆயிரம், முப்பது கூட்டினால் 6 லட்சத்து 24 ஆயிரம். பத்து வருடத்துக்கு முன்பு நான் வாங்கியதைவிட 4,000 ரூபாய் அதிகம்! நிரந்தரமானால் எந்த கிரேடு, எவ்வளவு சம்பளம் என்பதை முதல் நாள் கடிதத்திலேயே எண்ணாக எழுதுங்கள்.

சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தவில்லை என்பது உண்மைதான். இந்தியாவில் பழைய சம்பளத்தைக் கேட்கத் தடை இல்லை. கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரியிலிருந்து கேட்கக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த சம்பள வெளிப்படைத்தன்மை நெறிமுறையும் அதையே சொல்கிறது, உறுப்பு நாடுகள் 2026 ஜூன் 7-க்குள் அதைச் சட்டமாக்க வேண்டும் என்று கெடு. பேண்ட் எவ்வளவு என்பதை விண்ணப்பிப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடவும் அது கேட்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிளை வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அந்தக் கட்டம் இல்லாத விண்ணப்பப் படிவம் ஏற்கனவே இருக்கும். சென்னைக்கும் அதையே திறந்துவிட்டால் போதும்.

எதிர்பார்ப்பு எவ்வளவு என்று வருகிறவரிடம் முதலில் கேட்பதையும் நிறுத்துங்கள். பத்து வருடம் சந்தையிலேயே இல்லாதவருக்கு இன்றைய விலை எப்படித் தெரியும்? போன மாதம் ஒருவர் வந்தார். எட்டு வருட இடைவெளி, பேமென்ட் டெஸ்டிங்கில் நல்ல பிடிப்பு. எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றதும் குனிந்துகொண்டு "நீங்கள் எது கொடுத்தாலும் சரி மேடம், ஐந்து வந்தால் கூடப் போதும்" என்றார். அந்த இருக்கையின் பேண்ட் எட்டில் தொடங்குகிறது. அவர் சொன்ன ஐந்தை விண்ணப்பத்தில் குறித்துக்கொண்டிருந்தால், அதற்குப் பிறகு யார் நினைத்தாலும் எட்டைக் கொடுத்திருக்க முடியாது. 'கேட்டதைவிட அதிகம்' என்று சிஸ்டம் நிறுத்தியிருக்கும். நல்ல வேளையாக எங்கள் மேனேஜர் பேண்டை முதலில் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

இதே இடத்தில் திரும்பி வரும் தோழிகளுக்கும் தோழர்களுக்கும் இரண்டு வார்த்தை. கிரஷ் கட்டணம், வேன், சமையலுக்கு ஆள் என்று போட்டு, இவ்வளவுக்குக் கீழே போனால் வீட்டுக்கு நஷ்டம் என்று ஒரு தொகை உங்களுக்கு வரும். அது ஆஃபரை ஏற்பதா வேண்டாமா என்று நீங்கள் முடிவெடுக்க மட்டும். அதை அங்கே வாதமாக வைக்காதீர்கள், அவர்கள் வாங்குவது உங்கள் வேலையை. "இந்த இருக்கைக்கு பேண்ட் என்ன? அதில் எனக்கு எது வரவில்லை என்று நினைக்கிறீர்கள்? அதற்கு எவ்வளவு கழிக்கிறீர்கள், எந்தத் தேதி வரை?" என்று கேளுங்கள். ஒப்பிடும்போது வேரியபிளை நீக்கிவிட்டு நிலையான சம்பளத்தை மட்டும் பாருங்கள். 12 என்று சொல்லி அதில் இரண்டை வேரியபிளில் வைத்தால், உறுதியாகக் கைக்கு வருவது 10-லிருந்துதான் தொடங்குகிறது.

பேண்ட் என்ற ஒன்றே இல்லாத சின்ன நிறுவனங்களும் இதைப் படிக்கலாம். இருபது பேர் இருக்கும் இடத்தில் தனி அட்டவணை போட முடியாது, தெரியும். கடைசியாக அதே வேலைக்கு எடுத்த இரண்டு பேருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று பாருங்கள், அதுதான் உங்கள் பேண்ட்.

அடுத்த மாதம் எங்கள் டீமுக்கு இடைவெளி எடுத்த மூன்று பேர் இன்டர்வியூவுக்கு வருகிறார்கள். மேனேஜர் எவ்வளவு சரியாக நடந்தாலும், அவர்கள் நிரப்பும் பொது விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. இடைவெளி இரண்டு வருடத்துக்கு மேல் என்றால் அது திறக்கவே வேண்டாம் என்று உங்கள் படிவத்தை மாற்றித் தாருங்கள். அந்த மூவரும் 26ஏ.எஸ்.ஸைத் தேடும் மூன்று நாளை பிளேரைட் படிக்கச் செலவழிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு டெஸ்ட் இன்ஜினியர், தரமணி, சென்னை